‘பாசிட்டிவ்’ என்று சொன்ன பிறகு: குமரி மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துவரும் டாக்டர்களுக்கும், செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலைக்காலத்தின் கடைசி வருஷங்களில் பாதி நேரம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்வதிலும், வெற்றிலை போடுகிறவர்களின் வாயை டார்ச் அடித்துப் பார்ப்பதிலும் போனது. 2023-ல் அரசு வீடுவீடாக அழைப்புச் சீட்டுக் கொடுத்து வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆள் கூட்டுவதைப் பற்றி நான் எழுத வரவில்லை, அதை நம் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நன்றாகவே செய்கிறார்கள். பரிசோதனையில் ஏதோ தெரிகிறது என்று ஒரு பெண்ணிடம் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அங்கேதான் நாம் ஆட்களைத் தொலைக்கிறோம்.

கருப்பைவாய்ப் பரிசோதனை எவ்வளவு சின்ன வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலை ஊரில் உள்ளவர்களும் படிக்கவேண்டும் என்பது என் ஆசை, அதனால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பைவாயைப் பார்க்கிறோம். 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அதன் மேல் ஒற்றிவிட்டு ஒரு முழு நிமிஷம் காத்திருக்கிறோம். செல்கள் மாறத் தொடங்கிய இடம் இருந்தால் அது வெள்ளையாக, ஓரம் தெளிவாக, திட்டாக எழும்பி வரும். இதற்குத்தான் வி.ஐ.ஏ. என்று பெயர். அமிலக் கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்துக்கு 95 மில்லி காய்ச்சி வடித்த நீர். முந்தின வாரம் கலந்து வைத்ததை எடுத்தால் வெள்ளை சரியாக எழும்பாது. மஞ்சள் வெளிச்சம் தரும் டார்ச்சில் பார்த்தாலும் தவறிப்போகும். வரிசை நீளமாக இருக்கிறது என்று இருபது விநாடியில் பார்த்து முடித்தாலும் அப்படித்தான். அந்த ஒரு நிமிஷத்தை நான் கடிகாரத்தைப் பார்த்தே எண்ணுவேன். ஒருமுறை என் பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவி, “வெளியே முப்பது பேர் இருக்காங்க சிஸ்டர்” என்றாள். முப்பது பேருக்கும் முப்பது நிமிஷம் உண்டு என்றுதான் பதில் சொன்னேன்.

இனி ஒரு தங்கச்சியின் கதை. அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு, ஊர் பேர் இல்லாமல் எழுதுகிறேன்.

வயது 43. விளவங்கோடு பக்கம். அண்டி ஆபீசில் வேலை, அதாவது முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பு. கூலி கிலோக் கணக்கு. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி அப்படியே போகும். பதினெட்டு வயதில் கல்யாணம், மூன்று பிரசவம், கடைசிப் பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார்.

அவள் பரிசோதனைக்கு என்று வரவில்லை, பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். அன்று வாய்ப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த பணியாளர் ஃபாரத்தைப் பார்த்து, “புகையிலைப் பழக்கம் உண்டா?” என்று கேட்டார். “இல்ல” என்றாள். ஃபாரத்தில் ‘இல்லை’ என்று டிக் விழுந்தது. அவள் உதடு சிவந்திருந்தது, பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. புகையிலை என்றால் நம் பக்கத்துப் பெண்களுக்கு பீடி, சுருட்டு, கடையில் ஒளித்து விற்கும் பாக்கெட் இவைதான் மனதில் வரும். இவள் போடுவது முறுக்கான். அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டு புகையிலையும் இருக்கிறது என்பது வேறு கணக்கு. அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். “முறுக்கான் எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?” உடனே இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “ராத்திரி படுக்கும்போதும் வாயில கெடக்குமா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சில நாள் அப்படியே உறங்கிப் போவேன் சிஸ்டர்” என்றாள். எப்போது தொடங்கியது என்றேன். அண்டி ஆபீசுக்குப் போன முதல் வருஷம், பசி தெரியாமல் இருக்கப் பக்கத்தில் இருந்த அக்கா கொடுத்தது என்றாள். கிலோக் கணக்கில் கூலி என்றால் சாப்பிட எழுந்திருக்கும் நேரமும் காசுதான். இந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் “விட்டுடுங்க” என்று சொன்னால் அது அவள் காதில் ஏறாது.

பாக்கிலே புகையிலை இல்லையென்றால் பரவாயில்லையா என்று பலர் கேட்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். கூடவே குடியும் இருந்தால் அதற்கும் மேல்.

வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். முதலில் திறப்பு. மூன்று விரலை நெடுக்காக நுழைக்க முடியவேண்டும், அவளுக்கு இரண்டரைதான் போனது. கன்னத்தின் உட்புறம் தோல் வெளுத்து நார்நாராக இறுகியிருந்தது. காரம் சாப்பிட்டால் எரியுமா என்றதற்குத் தலையாட்டினாள். இடது கன்னத்தின் அடியில், ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில், இரண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. சுண்ணாம்புப் படிவாக இருக்குமோ என்று பஞ்சுத்துணியால் துடைத்தேன், போகவில்லை. கையுறை போட்ட விரலால் தடவினால் சொரசொரப்பு. சிவப்பு இல்லை, புண் இல்லை, அடியில் கெட்டியாக எதுவும் இல்லை. அது கொஞ்சம் ஆறுதல். வெள்ளைத் திட்டைவிட வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டுதான் அதிகம் பயப்பட வேண்டியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், நெறி கட்டவில்லை.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதே ஆஸ்பத்திரி வட்டாரத்தில் வேலை பார்த்த டாக்டர் ஓர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் லான்செட்டில் எழுதினார். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். பக்கத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வும் இருக்கிறது. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் வாயைக் கண்ணால் பார்த்ததில், புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை அது காட்டியது. நம் தன்னார்வலரின் கையில் இருக்கும் டார்ச்சுக்கு அவ்வளவு பலம் உண்டு.

சரி, கதைக்கு வருகிறேன். வாய்க்குப் பல் டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, கருப்பைவாயும் பார்த்துடலாமா?” என்றேன். “ஆபரேஷன் பண்ணியாச்சே, இனி எதுக்கு?” என்றாள். இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். கருத்தடை ஆபரேஷனில் குழாயைத்தான் கட்டுகிறார்கள், கருப்பைவாய் அப்படியே இருக்கிறது என்று சொன்னேன். அன்று மாதவிலக்கு நாள், அடுத்த வாரம் வருகிறேன் என்று போனாள், வந்தாள். மேஜையில் ஏறச் சொல்லும் முன்னால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, ஸ்பெகுலத்தைக் கையில் கொடுத்துக் காட்டி, இடுப்புக்குக் கீழே போர்வை போட்டு, “எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப சொல்லுங்க, எடுத்துடறேன்” என்று சொன்ன பிறகுதான் தொடங்கினேன். அசிட்டிக் அமிலம் வைத்ததும் மேல்பக்கத்தில், கடிகாரத்தில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே, வெள்ளைத் திட்டு தெளிவாக எழும்பியது.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. எனக்கு அவசரமாக லேபர் ரூமிலிருந்து அழைப்பு வந்தது. “டிரஸ் மாத்திட்டு உட்காருங்க, வந்து சொல்றேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள், வெளியே மேஜையில் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இருபது பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில், “உங்களுக்கு பாசிட்டிவ். ஆசாரிபள்ளம் போகணும்” என்று சொல்லி, அங்கே உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு எழுதத்தான் சொல்லிக் கொடுத்தோம், பேசச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓடியது என் தப்பு. ஐந்து நிமிஷம் அவளைக் கூட உட்கார வைத்துக்கொள்ள யாரையும் சொல்லாமல் போனேன்.

‘பாசிட்டிவ்’ என்ற சொல் நம் ஊர்க் காதில் எப்படி விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி.க்குத்தான் அந்தச் சொல்லை ஊர் முதலில் கற்றுக்கொண்டது. வராந்தாவில் இருந்த பெண்களில் இரண்டு பேர் அவளோடு அண்டி ஆபீசில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள்.

அதோடு நிற்கவில்லை. அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்த நம்பர் மஸ்கட்டில் இருக்கும் வீட்டுக்காரருடைய வாட்ஸ்அப் நம்பர். ரேஷன் கார்டிலும் எல்லா இடத்திலும் அதுதான். ஒரு மாதம் கழித்தும் அவள் போகவில்லை என்று பட்டியலில் வந்ததும், யாரோ அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, “உங்க மனைவிக்குக் கர்ப்பப்பை கேன்சர் டெஸ்டுல பாசிட்டிவ் வந்திருக்கு, ஏன் இன்னும் போகல?” என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அன்று ராத்திரி அந்த மனிதர் போனில் கூகுள் பார்த்தார். உடலுறவால் பரவும் வைரஸால் வருவது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டில் இருக்கிற ஆள் அதைப் படித்தால் என்ன நினைப்பார்?

ஏழு மாதம் அவள் எங்கேயும் போகவில்லை, பிரஷர் மாத்திரை வாங்கக்கூட வரவில்லை. வீட்டுக்குப் போகும் தன்னார்வலரிடம் கதவைத் திறக்கவில்லை. வாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டும் அதோடு போயிற்று.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் போனேன். சீருடை இல்லாமல், கையில் ஃபைல் இல்லாமல். கொல்லைப்புறத்தில் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் அவள் எதுவும் பேசவில்லை. அப்புறம், “எனக்கு ஒரு ஆளும் இல்ல சிஸ்டர். நீங்க அவருக்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

நான் சொன்னதை முடிந்த அளவு அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சைத்தான் நாம் யாருக்கும் பழக்கவில்லை.

“மக்ளே, உனக்குக் கேன்சர்னு யாரும் சொல்லல. கருப்பைவாயில ஒரு இடத்துல தோல் மாறியிருக்கு, அத டாக்டர் பெரிசாக்கிக் காட்டுற கருவியில ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான் அந்தச் சீட்டுக்கு அர்த்தம். இப்படி வெள்ளை தெரிஞ்சு போறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கேன்சர் கிடையாது. சிலருக்கு வெறும் புண்ணு, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் பேருக்கு, பின்னால கேன்சரா மாறக்கூடிய மாற்றம் இருக்கும். அது அப்படி மாறப் பத்துப் பதினஞ்சு வருஷம்கூட ஆகும். இப்பவே பார்த்து எடுத்துட்டா மாறாது.”

“அந்த வைரஸ்?” என்றாள்.

“எச்.பி.வி.ன்னு பேரு. தாம்பத்தியம் உள்ள பெரும்பாலானவங்களுக்கும், ஆணோ பெண்ணோ, வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்திருக்கும். வந்த சுவடே தெரியாது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அத விரட்டிடும். சிலபேரு உடம்புல மட்டும் போகாம ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். கல்யாணம் ஆன புதுசுல வந்தது இருபது வருஷம் கழிச்சு வேலை காட்டலாம். யார் கிட்ட இருந்து வந்துது, எப்ப வந்துதுன்னு சொல்ல உலகத்துல ஒரு டெஸ்டும் இல்ல. அதனால இத வச்சு உன்னையும் ஒண்ணும் சொல்ல முடியாது, அவரையும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

கடைசி வாக்கியம் முக்கியம். ‘உங்கள் கணவர் வழியாக வந்திருக்கும்’ என்று ஆறுதலுக்குச் சொல்கிற செவிலியர்களை நான் பார்த்திருக்கிறேன். பழியைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆணின் தலையில் வைத்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் வேறு சண்டை தொடங்கும். அது உண்மை என்பதற்கும் நம்மிடம் ஆதாரம் கிடையாது.

அவள் முன்னாலேயே, அவள் சம்மதத்தோடு, அவள் போனிலிருந்தே மஸ்கட்டுக்குப் பேசினேன். அவருக்கும் இதே சொற்கள்தான். முதலில் கத்தினார், பிறகு அமைதியானார், கடைசியில் “அப்ப நானும் டெஸ்ட் பண்ணணுமா?” என்று கேட்டார். ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமாகச் செய்யும் பரிசோதனை இல்லை, வேண்டியதும் இல்லை, ஆனால் நீங்கள் முறுக்கான் போடுவீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். போடுவேன் என்றார். லீவில் வரும்போது வாயைக் காட்டச் சொன்னேன்.

ஆசாரிபள்ளத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போகிற நாள் கூலி இல்லை. அங்கே, நான் சொன்ன அந்தப் பெரிதாக்கிக் காட்டும் கருவியான கால்போஸ்கோப்பில் பார்த்துத் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டாம் நிலை மாற்றம் என்று வந்தது, புற்று இல்லை. தெர்மல் அப்ளேஷன் செய்தார்கள், சூடான முனையை அந்த இடத்தில் சில விநாடிகள் வைத்து எடுக்கும் சிகிச்சை, மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீடு. சில வாரம் தண்ணீராக வெளியேறும், அது சாதாரணம், ஒரு மாதம் தாம்பத்தியம் வேண்டாம், காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ நாற்றமோ இருந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வாயிலும் சதை எடுத்தார்கள், லேசான மாற்றம். முறுக்கானை விட்டுவிட்டு சில மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார்கள். முதலில் ராத்திரி வாயில் ஒதுக்குவதை நிறுத்தினாள், பிறகு புகையிலையை, பாக்கைக் கடைசியாக. பசிக்கு வறுத்த கடலை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். வாய்த் திறப்பு மட்டும் திரும்பவில்லை, அந்த இறுக்கம் ஒருமுறை வந்தால் தானாகக் குறைவது அரிது.

இவளுக்குப் போன ஏழு மாதத்தில் நல்லவேளையாக எதுவும் கைமீறவில்லை. அதே ரெஜிஸ்டரில் இன்னொரு பெயரும் இருந்தது, அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

இதிலிருந்து உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

பரிசோதனை முடிவை வராந்தாவில், ரெஜிஸ்டர் மேஜையில், தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் கதவு மூடும் ஒரு மூலை போதும், ஸ்டோர் ரூமாக இருந்தாலும் சரி. முடிவைச் சொல்கிறவர் பரிசோதனை செய்தவராகவே இருக்கட்டும். ‘பாசிட்டிவ்’ என்ற சொல் ரெஜிஸ்டரோடு இருக்கட்டும், பெண்ணிடம் ‘இன்னொரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டிய இடம் தெரிகிறது’ என்று சொல்லலாம். நான் மேலே எழுதியது போன்ற பேச்சை, வேண்டுமானால் திருத்தி, செவிலியருக்கும் தன்னார்வலருக்கும் பழக்குங்கள். அதைப் படித்துக் கொடுத்தால் போதாது. ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து கோபப்பட வேண்டும், அழ வேண்டும், மற்றவர் பேசிப் பழக வேண்டும்.

ஃபாரத்தில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள். இது யாருடைய நம்பர்? இதில் என்ன சொல்லலாம்? ‘நர்ஸ் கூப்பிட்டார் என்று மட்டும் சொல்லவும்’ என்று பெண்ணே சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். நம்பரே இல்லை என்றால் எந்த நாள், எந்த நேரம் வீட்டில் ஆள் இல்லாமல் பேசலாம் என்று எழுதட்டும்.

புகையிலைக் கேள்வியை மாற்றுங்கள். ‘வெற்றிலை, முறுக்கான், பாக்கு போடுவீர்களா, எந்தப் பக்கம், ராத்திரியும் உண்டா’ என்று கேட்டால் உண்மை வரும்.

பரிந்துரைச் சீட்டில் தேதியும் நேரமும் இருக்கட்டும். ‘ஆசாரிபள்ளம் போகவும்’ என்று மட்டும் எழுதினால் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவள் எந்த நாளையும் தேர்ந்தெடுக்க மாட்டாள். ஒரு வட்டாரத்திலிருந்து ஐந்தாறு பேரை ஒரே நாளில், ஒரு செவிலியர் துணையோடு அனுப்பலாம். அமைதியாகத் தனியாகப் போக விரும்புகிறவளுக்கு அந்த வழியும் இருக்கட்டும்.

ஆண்களின் வாயைப் பற்றி ஒன்று. காலை பத்து மணி முகாமில் ஆண்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பவே பல வாரம் ஆகும். ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களில் வலை பின்னும் இடத்துக்கே டார்ச்சோடு போனால் பீடியும் முறுக்கானும் பழகிய வாய்களை அங்கேயே பார்த்துவிடலாம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே மரத்தடியில் இருப்பார்கள், மத்தியானம் ஓய்வாக இருப்பார்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் முகாமை மூன்று மணிக்கு வைத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்றிரண்டு சேர்க்க வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மாற்றம் வரும் பகுதி கருப்பைவாய்க்குள்ளே போய்விடுவதால் வி.ஐ.ஏ.வில் கண்ணுக்குப் படாமல் போகலாம். அவர்களிடம் ‘ஒண்ணுமில்ல, போங்க’ என்று சொல்லியனுப்பாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் கண்டாலோ பரிசோதனை முடிவு என்னவாக இருந்தாலும் டாக்டரிடம் வரவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். விதவைகள் “இனி எதுக்கு” என்பார்கள். பழைய தொற்று இருந்தால் அது கணவர் இறந்ததோடு போய்விடாது என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களிடம், கன்னியாஸ்திரிகளிடம் எப்படிக் கேட்பது, எப்போது கேட்காமல் விடுவது என்பதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். பெண்ணே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. பரிசோதனை நாளை இங்கே பரவலாக வந்தால் மேஜையில் ஏறும் வெட்கம் குறையும், ஆனால் வைரஸின் பெயர் நேராக ரிசல்ட்டில் வரும். அப்போது இந்தப் பேச்சுப் பயிற்சி இன்னும் அதிகம் தேவைப்படும்.

மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று கேட்கிறீர்கள். நல்லது. அதோடு, நூறு பேரைப் பார்த்ததில் வெள்ளை தெரிந்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். பொதுவாக ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் பார்த்தும் ஒருவர்கூட இல்லை என்றாலும், மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது என்றாலும், அந்த இடத்தில் போய் அமிலக் கரைசலையும் விளக்கையும் பார்க்க வேண்டும். பிறகு, வெள்ளை தெரிந்தவர்களில் எத்தனை பேர் கால்போஸ்கோப் மேஜை வரை போனார்கள், எத்தனை நாளில் போனார்கள் என்று கேளுங்கள். போகாதவர்கள் பெயரைத் தனியாக எடுத்து, பரிசோதனை செய்த செவிலியரையே சீருடை இல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள், அதற்கு அரை நாள் டியூட்டி கொடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை போனேன், ஏனென்றால் எனக்கு அந்த அரை நாள் கிடைக்கவில்லை.

பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். அந்தத் தங்கச்சியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நோயாளி இடத்தில் உட்கார்ந்து, அன்று வராந்தாவில் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தயாராக இருக்கிறாள். அவளுக்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, பயிற்சி அண்டி ஆபீஸ் லீவு நாளில் இருக்கவேண்டும்.

அன்போடும் மரியாதையோடும்,
ஓய்வு பெற்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்